காய்ச்சல், வாந்தி, சாப்பாடு இறங்காத நாள்: சுகர் உள்ளவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

"சிஸ்டர், அம்மா நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுமே சாப்பிடலை. ஊசி போடலாமா, வேண்டாமா?"

நீரிழிவு கிளினிக்கில் செவிலியராக இருக்கும் எனக்கு விடியற்காலையில் வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். கேட்பவர்களில் பலர் அதற்குள் ஒரு வேளை ஊசியை நிறுத்திவிட்டிருப்பார்கள். சாப்பிடவில்லை என்றால் சுகர் எப்படி ஏறும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் உடம்புக்கு முடியாத நாளில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். காய்ச்சலோ கிருமியோ தாக்கும்போது உடல் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. அதனால்தான் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் படுத்திருப்பவருக்கும் சுகர் 300 காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சாப்பிடாமல் இருக்கும்போதும் வழக்கம்போல எல்லா மாத்திரைகளையும் விழுங்குவது. சில மாத்திரைகள் சுகரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கும். சில மாத்திரைகள், உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆக, எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று முன்பே எழுதி வைத்த அட்டை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில், மருத்துவரிடம் போகும்போது இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அட்டையில் இருக்க வேண்டியவை

எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தொடரவும்" அல்லது "வாந்தி, பேதி இருந்தால் நிறுத்தவும்" என்று மருத்துவர் கையால் எழுதியிருக்க வேண்டும். பொதுவாக அந்த நாட்களில் நிறுத்தச் சொல்பவை: மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை சாப்பிட முடியாத வேளைக்கு வேண்டாம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையாக வருகின்றன, சில மாத்திரைகளில் மூன்று மருந்து ஒன்றாக இருக்கும். மாத்திரையின் பிராண்ட் பெயரைப் பார்த்தால் தெரியாது. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துத்தான் எழுத வேண்டும்.

இன்சுலினுக்கு எதிரே "நிறுத்தவே கூடாது, அளவு மட்டும் மாறும்" என்று இருக்க வேண்டும். டைப் 1 என்றால் இதை இரண்டு முறை அடிக்கோடிடுங்கள். அவர்கள் உடலில் சொந்த இன்சுலின் அநேகமாக இல்லை, ஊசியை நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே உயிர் ஆபத்தில் போய் நிற்கும்.

வாரா வாரம் போடும் செமாகுளூட்டைடு போன்ற ஊசி இன்சுலின் அல்ல. வாந்தி இருக்கும்போது அதைத் தள்ளிப் போட வேண்டும்.

அறிகுறி: காய்ச்சல் இருக்கிறது, ஓரளவு சாப்பிட முடிகிறது, சுகர் ஏறுகிறது

இது இருப்பதிலேயே எளிய நிலை. தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போகும்வரை மருந்துகள் எல்லாம் வழக்கப்படி தொடரும். சுகரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். ஜூஸ் டம்ளரையோ பழத்தையோ தொட்ட விரலில் எடுத்த ரத்தம் பொய்யாக அதிகம் காட்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். காய்ச்சல் எதனால் என்று தெரியும் முன் வலி மாத்திரை போடுவது சிறுநீரகத்துக்கும் கேடு, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கும் வழி.

சுகர் காரணமில்லாமல் 350, 400 என்று துள்ளினால் நான் முதலில் கேட்பது, "நேத்து எங்கேயாவது காய்ச்சலுக்கு ஊசி போட்டீங்களா?" என்பதைத்தான். சில இடங்களில் காய்ச்சல் சட்டென்று இறங்குவதற்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சேர்த்துப் போடுகிறார்கள். அது ஓரிரு நாள் சுகரை ஏற்றி வைக்கும். ஊசி போட்டுக்கொள்ளும் முன் "எனக்குச் சுகர் இருக்கு, இதில் ஸ்டீராய்டு இருக்கா?" என்று கேளுங்கள். மருத்துவர் தேவையென்று கருதிப் போட்டால் போடட்டும். அந்த இரண்டு நாள் சுகரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருமல் மருந்தின் இனிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒரு ஸ்பூனில் வருவது கொஞ்சம்தான்.

அறிகுறி: வாய் கசக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி இல்லை

சோறு இறங்காவிட்டாலும் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இன்சுலின் போடுபவருக்கும் கிளிமிபிரைடு வகை சாப்பிடுபவருக்கும் இது கட்டாயம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 45 கிராம் அளவு போனால் போதும். ஓர் இட்லி, ஒரு ரொட்டித் துண்டு, மூன்று மேரி பிஸ்கட், இவை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 12 முதல் 15 கிராம் இருக்கிறது. மூன்று இட்லி ஒரே நேரத்தில் இறங்காது என்றால் ஒரு மணிக்கு ஒன்றாகக் கொடுங்கள். கெட்டிக் கஞ்சி, ரசத்தில் குழைத்த சாதம், பால் எதுவும் சரி.

சுகர் 250-க்கு மேல் இருந்தால் இனிப்பில்லாத நீராகாரம்: தண்ணீர், உப்புப் போட்ட மோர், தெளிந்த ரசம், சீரகத் தண்ணீர். 180-க்குக் கீழே இறங்கிச் சாப்பாடும் ஏறவில்லை என்றால், வழக்கமாக நாம் தடுக்கும் சர்க்கரை போட்ட டீயும் இளநீரும் அன்றைக்கு மருந்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். இதய பலவீனத்துக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாந்தி, கூடவே பேதி

இங்கேதான் வீட்டில் பார்ப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்ற முடிவு மணிக்கணக்கில் மாறும். அட்டையில் "நிறுத்தவும்" என்று எழுதிய மாத்திரைகளை முதல் வேலையாக எடுத்து வையுங்கள். அப்புறம் ஓ.ஆர்.எஸ்.

சுகர் உள்ளவர் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா என்று எல்லோரும் தயங்குகிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு டம்ளரில் மூன்று கிராம்கூட வராது. குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சுவதற்கு அந்தச் சிறிய அளவு குளுக்கோஸ் தேவை. சேர்க்காவிட்டால் குடித்த தண்ணீர் பேதியில் போய்விடும். தூள் பாக்கெட்டையே வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். பழச்சுவையில் அட்டைப் பெட்டியில் வரும் பானங்களில் பல மடங்கு சர்க்கரை இருக்கும், அவை இதற்குப் பதிலாகாது.

டம்ளரை வாயில் வைத்து மடமடவென்று குடித்தால் மறுபடி வாந்தி வரும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன். அது தங்கினால் மெல்ல அளவைக் கூட்டலாம்.

போன வருடம் ஒரு குடும்பத்துக்குப் போனிலேயே ஒரு நாள் முழுக்கக் கூட இருந்தேன். அறுபதைத் தாண்டிய அம்மா. காலை 24 யூனிட், இரவு 16 யூனிட் 30/70 கலவை இன்சுலின். கூடவே மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும். அவருடைய மருத்துவர் அட்டையில் எழுதியிருந்தது இது: சாப்பிட முடியாத நாளில், சுகர் 180-க்குக் கீழே என்றால் ஊசி பாதி அளவு, 180 முதல் 300 வரை மூன்றில் இரண்டு பங்கு, 300-க்கு மேல் முழு அளவு போட்டுவிட்டு உடனே அழைக்கவும். இது அவருக்கு எழுதியது, உங்கள் அட்டையில் வேறு எண்கள் இருக்கும்.

விடியற்காலை ஐந்தரைக்கு மகன் அழைத்தார். இரவில் இரண்டு வாந்தி, மூன்று பேதி. சுகர் 232. ஊசி போடத்தான் வேண்டும், ஆனால் உடனே வேண்டாம் என்றேன். கலவை இன்சுலினில் 30 பங்கு அரை மணியில் வேலை தொடங்குவது, 70 பங்கு மெதுவாக நாள் முழுக்க வேலை செய்வது. இரண்டையும் பிரிக்க முடியாது. போட்ட பிறகு எதுவும் வயிற்றில் தங்காவிட்டால் சுகர் சரிந்துவிடும். அதனால் முதலில் அரை மணி நேரம் ஓ.ஆர்.எஸ். ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தோம். தங்கியது. அப்புறம் காலை அளவான 24-இல் மூன்றில் இரண்டு பங்கு, 16 யூனிட் போட்டார்.

எட்டு மணிக்கு 211. ஓ.ஆர்.எஸ். ஒன்றரை டம்ளர் போயிருந்தது. சிறுநீர் ஒருமுறை, அடர் மஞ்சளாக. உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் என்ற அமிலத்தைச் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் லேசாக நிறம் மாறியது, அது கவலைப்படும் அளவு இல்லை. பத்து மணிக்கு இன்னொரு வாந்தி, சுகர் 164. வடிகட்டிய கஞ்சி அரை டம்ளர் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு 118. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை நாற்பது ஐம்பது என்று இறங்குகிறது, உள்ளே இன்சுலின் இன்னும் இருக்கிறது, சாப்பாடு ஏறவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது 70 ஆகிவிடலாம். கஞ்சியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். ஒரு மணிக்கே மறுபடி பார்க்கச் சொன்னேன், 131. இரண்டு மணிக்கு 143.

மாலை ஆறரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார், சுகர் 198. இரவு 16 யூனிட்டுக்குப் பதில் 10. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தார் மகன், 152. எட்டு மணிக்குள் ஓ.ஆர்.எஸ். தங்கியிருக்காவிட்டால் அன்றைக்கு அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். நான்கு மணி நேரம் எதுவுமே வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அறிகுறி: சுகர் சரியாகத்தான் இருக்கிறது, ஆள் சரியில்லை

என்னை இன்னமும் உறுத்தும் ஒரு சம்பவம். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடும் ஐம்பது வயதுக்காரர். இரண்டு நாளாகக் குமட்டல், வயிற்று வலி, சாப்பாடு இல்லை. மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். மனைவி சொன்ன சுகர் 196. சுகர் நல்லாத்தானே இருக்கு, கேஸ் தொந்தரவாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். போனில் அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. மலையேறி வந்தவர் போல ஆழமாக, வேகமாக. உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறியிருந்தது தெரிந்தது, ஐ.சி.யூ.வில் நான்கு நாள் இருந்து பிழைத்தார்.

ஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளுகின்றன. அதனால் மீட்டரில் எண் அதிகம் உயராமலே இருக்கலாம். ஆனால் சாப்பாடும் போதிய இன்சுலினும் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் சேரும். மீட்டர் இதைக் காட்டாது. இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் குமட்டலும் வயிற்று வலியும் மூச்சு வாங்குவதும் இருந்தால், சுகர் எவ்வளவு என்றாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் "இந்த மாத்திரை சாப்பிடுகிறார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கீட்டோன் பார்க்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் மெடிக்கல் கடையில் கிடைக்கும். நனைத்து, டப்பாவில் சொன்ன நொடிகள் கழித்து நிறத்தை ஒப்பிட வேண்டும், ஊதா நிறம் அடர அடர ஆபத்து. டப்பா திறந்து பல மாதமாகிவிட்டால் நம்ப முடியாது. இல்லாவிட்டால் எந்த லேபிலும் "யூரின் அசிட்டோன்" என்று கேட்டால் பார்த்துத் தருவார்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் சில மணி நேரம் பின்தங்கித்தான் காட்டும், அதனால் ஸ்ட்ரிப் சுத்தமாக இருந்தும் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும். விரல் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 0.6-க்குக் கீழே சரி, 1.5-க்கு மேல் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும், 3-க்கு மேல் அவசரம்.

அறிகுறி: சுகர் 70-க்குக் கீழே

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் கஞ்சியோ பிஸ்கட்டோ கொடுங்கள். வாய்க்குள் வைப்பதை விழுங்க முடியாத மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடும் வயதானவருக்குச் சுகர் இப்படி இறங்கினால், குளுக்கோஸ் கொடுத்து 120 ஆனாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அந்த மாத்திரையின் வேலை ஒரு நாளும் அதற்கு மேலும் நீளும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கும், தூக்கத்தில் இறங்கினால் யாருக்கும் தெரியாது.

இதற்கு மேல் வீட்டில் வேண்டாம்

நான்கு மணி நேரம் எதுவும் வயிற்றில் தங்காதது. ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை. விடாத வயிற்று வலி. அரைத்தூக்கம், பெயர் கேட்டால் தடுமாறுவது. ஆறு ஏழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இரண்டு முறை பார்த்தும் சுகர் 300-க்கு மேல், ஊசி போட்டும் இறங்காதது. கீட்டோன் இரண்டு பிளஸ் அல்லது அதற்கு மேல். மீட்டரில் எண்ணுக்குப் பதில் HI என்று வந்தால் பெரும்பாலான மீட்டர்களில் அது 600-க்கு மேல் என்று பொருள், அதை இன்னொரு ஸ்ட்ரிப் போட்டு உறுதி செய்தவுடன் கிளம்புங்கள். குளிர் நடுக்கத்தோடு விலாப்பக்கம் வலி, காலில் புண்ணோடு காய்ச்சல், இரண்டு நாளாகியும் இறங்காத காய்ச்சல் இவையும் அப்படித்தான். கர்ப்பிணிக்கும் டைப் 1 குழந்தைக்கும் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம், இரண்டாவது வாந்தியிலேயே போய்விடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. நீண்ட நாள் சுகர் உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். திடீர் வாந்தி, கொட்டும் வியர்வை, மூச்சு முட்டல் என்று வந்தால் சுகர் மீட்டரோடு உட்கார்ந்திருக்காமல் ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

எங்கே போவது என்பதும் முக்கியம். டிரிப்ஸ் மட்டும் ஏற்றும் சிறிய கிளினிக் இந்த நிலைக்குப் போதாது. ரத்தத்தில் பொட்டாசியமும் அமில அளவும் பார்க்கும் லேபும் ஐ.சி.யூ.வும் உள்ள இடம் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையோ எது அருகில் என்று இன்றே பார்த்து அட்டையில் எழுதுங்கள். சாதாரண வாந்திக்குக் கிளினிக்கில் டிரிப்ஸ் போட்டால் அன்றைய சுகரைச் சொல்லுங்கள். 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. சுகர் 300 இருப்பவருக்கு வெறும் சலைன்தான் பொருத்தம். ஆனால் கீட்டோன் ஏறி ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு இன்சுலினோடு சேர்த்துக் குளுக்கோஸும் ஏற்றுவார்கள். அது சிகிச்சையின் ஒரு பகுதி, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நிறுத்திய மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது

வாந்தி நின்ற அன்றே தொடங்க வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, குடித்து, சிறுநீர் தெளிவாகப் போய் 24 முதல் 48 மணி நேரம் ஆகட்டும். ஃப்ளோசின் மாத்திரையைக் கடைசியாகத் தொடங்குங்கள். நிறுத்திய பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிறவர்கள் நிறைய, அதனால் நிறுத்திய தேதியையும் தொடங்க வேண்டிய தேதியையும் அட்டையின் பின்னால் எழுதுங்கள். மூன்று நாளாகியும் சாப்பாடு பழைய நிலைக்கு வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்.

அந்த அம்மா மூன்றாம் நாள் காலையில் மூன்று இட்லி சாப்பிட்டு, 24 யூனிட் போட்டு, மெட்ஃபார்மினைத் தொடங்கினார். டெல்மிசார்டனை அன்று மாலை பிரஷர் பார்த்துவிட்டுத் தொடங்கினார். மகன் அந்த இரண்டு நாளும் எழுதி வைத்த தாளை அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். மருத்துவர் அதைப் பார்த்து, அட்டையில் "பாதி அளவு" என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு "காலை 12, இரவு 8 யூனிட்" என்று எழுதிக் கொடுத்தார். விடியற்காலை ஐந்தரைக்குப் பாதி எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியிருக்காது.